கைமாற்றுக் கடனுக்குப் புரோநோட்டு: சாட்சிக் கையெழுத்து எதற்காக?

வெண்ணந்தூரான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் முப்பது வருடப் பழக்கமுள்ள குடும்பத்தின் மகன், பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்குவதற்காக என்னிடம் 3,00,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று பேசியிருக்கிறோம். ஒரு வருடத்தில் முழுவதையும் அடைத்துவிடுவதாக அவரே சொல்கிறார். ஸ்டேஷனரி கடையில் அச்சடித்த புரோநோட்டுப் படிவம் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அதன் அடியில் சாட்சிகளுக்கென்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. சாட்சி கட்டாயம் என்று என் மைத்துனர் சொல்கிறார். தேவையே இல்லை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். ஒரு வருடத்தில் தர வேண்டும் என்பதைப் படிவத்தில் எங்கே எழுதுவது என்றும் தெரியவில்லை. பணம் நான் ஓய்வுபெற்றபோது கிடைத்தது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மேட்டுத்தெரு

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. இரண்டு சாட்சிகள் இல்லாத புரோநோட்டு செல்லாது. அதோடு, அச்சடித்த படிவத்தை நம்பாமல் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். நான் என் வீட்டு அடமானப் பத்திரத்தை அப்படித்தான் எழுதினேன்.

நீதிமன்றவாசல்

சேலம் பக்கத்து உரிமையியல் நீதிமன்றங்களில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வழக்கறிஞராக இருக்கிறேன். என் கைக்கு வரும் வழக்குகளில் புரோநோட்டு வழக்குகளே அதிகம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

மேட்டுத்தெரு ஐயா சாட்சிகளைப் பற்றிச் சொல்வது அடமானப் பத்திரத்துக்கும் உயிலுக்கும் பொருந்தும். அவற்றுக்குச் சாட்சியொப்பம் வேண்டும் என்று சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. புரோநோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 4 ஆவது பிரிவில் கேட்பது இவ்வளவுதான்: எழுத்தில் இருக்க வேண்டும்; நிபந்தனை எதுவும் இல்லாமல் "தருகிறேன்" என்ற உறுதி இருக்க வேண்டும்; தொகை திட்டமாக இருக்க வேண்டும்; யாருக்குத் தருவது என்பது தெளிவாக இருக்க வேண்டும்; கடன் வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். "வண்டி ஓடி லாபம் வந்தால் தருகிறேன்" என்று எழுதினால் அது நிபந்தனை. அந்தக் காகிதம் புரோநோட்டு ஆகாது. "தங்களிடம் 3,00,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன்" என்பதோடு நிறுத்திவிட்டால் அது ரசீது மட்டுமே. தருகிறேன் என்ற சொல்தான் அதைப் புரோநோட்டாக மாற்றுகிறது. நோட்டரி முத்திரையும் தேவையில்லை.

சட்டம் கேட்காத சாட்சிகளை நாங்கள் ஏன் வற்புறுத்துகிறோம் என்ற கேள்விக்கு வருகிறேன். கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பிலிருந்து பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, "இது என் கையெழுத்தே அல்ல". மற்றொன்று, "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வேறொரு சின்னக் கடனுக்காக வெற்று நோட்டில் போட்டுக் கொடுத்தேன், அதைப் பிற்பாடு இவர் நிரப்பிக்கொண்டார்".

முதல் பதில் வந்தால், கையெழுத்திட்டவர் அவர்தான் என்று நிரூபிக்கும் சுமை முழுவதும் கடன் கொடுத்தவர் தலையில் விழுகிறது. எழுதிக்கொடுத்தது நிரூபணமாகும் வரை சட்டத்தின் அனுமானம் எதுவும் துணைக்கு வராது. சாட்சி இல்லையென்றால் உங்கள் வாய்மொழி ஒரு பக்கம், அவர் வாய்மொழி ஒரு பக்கம் என்று நிற்கும். பிறகு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க நிபுணரிடம் அனுப்பும் நிலை வரும். அருகில் நின்று பார்த்த ஒருவர் கூண்டில் ஏறி, "என் கண் முன்னால்தான் கையெழுத்திட்டார்" என்று சொல்லும்போது அந்த இடைவெளி அடைபடுகிறது.

இரண்டாவது பதிலில் நிலைமை வேறு. கையெழுத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால், பணம் கைமாறியது என்று 118 ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் அந்த அனுமானம் உடையக்கூடியது. கடன் வாங்கியவர் தம் பக்கம் நம்பத்தக்க ஒரு வாய்ப்பைக் காட்டிவிட்டால் சுமை மறுபடியும் உங்களிடமே திரும்பும் என்பதை உச்ச நீதிமன்றம் 1999 ஆம் ஆண்டு பாரத் பேரல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில், "நோட்டு முழுவதும் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது, பணம் தந்ததும் எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே பல வழக்குகள் முடிகின்றன.

கொல்லிமலைச்சாரல்

எனக்கு ஒரு சந்தேகம். சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார். பணம் வாங்கியவர் கட்டாமல் போனால் சாட்சிதானே கட்ட வேண்டும் என்று பயந்து மறுத்துவிட்டேன். வெண்ணந்தூரான் ஐயா நல்ல வசதியுள்ள இரண்டு பேரைச் சாட்சியாகப் போட்டுக்கொண்டால் அவருடைய பணத்துக்கு அதுவே பாதுகாப்பு அல்லவா?

நீதிமன்றவாசல்

நீங்கள் சொல்வது ஜாமீன்தாரரைப் பற்றி. சாட்சி வேறு, ஜாமீன் வேறு. சாட்சி எவ்வளவு வசதி படைத்தவராக இருந்தாலும் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. அவருடைய பொறுப்பு நடந்ததைச் சொல்வதோடு முடிகிறது. ஆனால் எந்த இடத்தில் கையெழுத்திடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். "சாட்சிகள்" என்ற தலைப்பின் கீழ் இல்லாமல், கடன் வாங்கியவரின் கையெழுத்துக்கு நேர் அடியில் ஒருவர் பெயரை எழுதிவிட்டால், அவரும் சேர்ந்து எழுதிக்கொடுத்தவர் என்று வாதிட இடமாகிவிடும்.

நொய்யல்கரை

நான் சட்டம் படித்தவள் அல்ல. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் 1,80,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து நோட்டு வாங்கினார். இரண்டு சாட்சிகளும் இருந்தார்கள்; ஒருவர் எங்கள் சித்தப்பா, மற்றவர் அண்ணனின் கடையில் வேலை பார்த்தவர். கடன் வாங்கியவர் கையெழுத்தை மறுத்தார். விசாரணையில் அண்ணன், காலை பத்து மணிக்குக் கடையில் வைத்துப் பணம் கொடுத்ததாகச் சொன்னார். சித்தப்பா, சாயங்காலம் வீட்டில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். உண்மையில் காலையில் பணம் கொடுத்தார்கள். சித்தப்பா அப்போது அங்கே இல்லாததால் மாலையில் வீட்டுக்கு வந்து கோட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். யாருமே பொய் சொல்லவில்லை. இருந்தும் சாட்சியம் முரண்படுகிறது, இருவரும் வாதியைச் சார்ந்தவர்கள் என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அண்ணன் இன்றுவரை அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்.

நீதிமன்றவாசல்

அம்மா, உங்கள் அண்ணனுக்கு நேர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாட்சியின் பெயர் காகிதத்தில் இருப்பதால் மட்டும் பயன் இல்லை. கையெழுத்து விழுந்த அந்த நிமிடத்தில் அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். பிற்பாடு வந்து கோட்டை நிரப்பியவர் குறுக்கு விசாரணையில் முதல் பத்துக் கேள்விகளுக்குள் தடுமாறுவார். அப்படிப்பட்ட சாட்சியை விட, சாட்சியே இல்லாத நோட்டுக்கு ஆபத்துக் குறைவு.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் நல்லது என்பேன். கடன் வாங்குபவரின் உறவினர் ஒருவர் சாட்சியாக இருந்தால் இன்னும் பலம். தம் உறவினரே பார்த்திருக்கும்போது கையெழுத்தை மறுக்க அவருக்கு மனம் வராது. வயது மிக முதிர்ந்தவர்களையும் வெளியூருக்குக் குடிபெயர இருப்பவர்களையும் தவிர்த்துவிடுங்கள். சாட்சியின் பெயரோடு தகப்பனார் பெயரும் முழு முகவரியும் எழுத வேண்டும். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் நான்கு வருடம் கழித்து அது யாருடையது என்று தேடும்படி ஆகிவிடும். நோட்டை எழுதியவர் வேறொருவர் என்றால் "எழுதியது" என்று அவரும் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் இறந்துபோன ஒரு வழக்கில் எழுதியவரை விசாரித்தே நாங்கள் தீர்ப்பு வாங்கியிருக்கிறோம்.

இப்போது வெண்ணந்தூரான் ஐயா கேட்ட "ஒரு வருடம்" என்ற கேள்வி. படிவத்தில் "தாங்கள் வேண்டும்போது" அல்லது "தாங்கள் கேட்கும்போது" என்று அச்சிட்டிருக்கும். தயவுசெய்து அதை அடித்துவிட்டு "இன்று முதல் ஒரு வருடத்தில்" என்று எழுத வேண்டாம். கேட்டவுடன் தர வேண்டிய நோட்டுக்கு, தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முத்திரைத் தீர்வை ஒரு ரூபாய்க்கும் குறைவுதான். அதனால்தான் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் போதுமானதாக இருக்கிறது. தவணை குறித்து எழுதிய நோட்டுக்குத் தொகையின் அளவைப் பொறுத்துத் தீர்வை ஏறும். அங்கே ஒரு ரூபாய் ஸ்டாம்ப் போதாது. மற்றப் பத்திரங்களில் தீர்வை குறைந்திருந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகையை 1899 ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் 35 ஆவது பிரிவிலேயே மறுத்திருக்கிறது. ஸ்டாம்ப் குறைந்த புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாகவே ஏற்காது. எத்தனை சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தாலும் பயனில்லை.

ஸ்டாம்பைக் கையெழுத்துக்கு முன்பே ஒட்டி, கையெழுத்து அதன் மேல் ஏறிக் காகிதத்திலும் பாதி விழும்படி போடச் சொல்லுங்கள். கையெழுத்து ஸ்டாம்பைத் தொடாமல் பக்கத்தில் இருந்து, வேறு வகையிலும் ஸ்டாம்பைச் செல்லாததாக்காமல் விட்டுவிட்டால், ஸ்டாம்பே ஒட்டவில்லை என்றுதான் சட்டம் பார்க்கும்.

மேட்டுத்தெரு

விளக்கத்துக்கு நன்றி அம்மா. அடமானத்தையும் இதையும் நான் குழப்பிக்கொண்டுவிட்டேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வெற்று நோட்டில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் கடன் வாங்கியவர் "வெற்று நோட்டு" என்று சொன்னதுமே வழக்குத் தோற்றுவிடாதா?

நீதிமன்றவாசல்

பலரும் அப்படி நம்பித்தான் வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய காகிதத்தில் கையெழுத்திட்டு ஒருவர் கையில் கொடுத்தால், அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகை வரை அதை நிரப்பிக்கொள்ள அவருக்கு அதிகாரம் கொடுத்ததாக மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20 ஆவது பிரிவு கொள்கிறது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் எவ்வளவு தொகையையும் தாங்கும் என்று மேலே சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். கடன் வாங்குபவர்கள் இதைப் படித்தால், தொகை எண்ணாலும் எழுத்தாலும் எழுதப்படாத நோட்டில் ஒருபோதும் பேனா வைக்கக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நிரப்பி முடித்த நோட்டைப் பிறகு திருத்துவது வேறு விஷயம். கடன் வாங்கியவரின் சம்மதமில்லாமல் தேதியையோ தொகையையோ வட்டியையோ மாற்றினால் 87 ஆவது பிரிவின்படி நோட்டே செல்லாததாகிவிடும். எழுதும்போதே அடித்தல் நேர்ந்தால் அந்த இடத்தில் அவருடைய சுருக்கொப்பம் வேண்டும்.

வெண்ணந்தூரான்

அம்மா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னதைக் கொண்டு கையாலேயே ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். ஊர், பெயர், முகவரி விவரங்களை விட்டுவிட்டுத் தருகிறேன்:

"இன்ன தேதியில், இன்ன முகவரியில் வசிக்கும் இன்னாரின் குமாரர் இன்னார் அவர்களுக்கு, இன்ன முகவரியில் வசிக்கும் இன்னாரின் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த கடன் உறுதிச் சீட்டு. சரக்கு வண்டி வாங்குவதற்காக நான் இன்று தங்களிடம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட ரூ. 3,00,000 (ரூபாய் மூன்று இலட்சம் மட்டும்). இந்தத் தொகைக்கு மாதம் ஒன்றுக்கு ரூ. 100க்கு ரூ. 1 வீதம் வட்டி சேர்த்து, அசலும் வட்டியும் தாங்கள் வேண்டும்போது தங்களுக்குச் செலுத்தி, இந்தச் சீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

நீதிமன்றவாசல்

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களை மட்டும் மாற்ற வேண்டும்.

முதலாவது, "தங்களுக்குச் செலுத்தி" என்பதை "தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்கோ செலுத்தி" என்று எழுதுங்கள். கடையில் விற்கும் படிவங்களில் அந்தச் சொற்கள் பெரும்பாலும் இருக்கும். கையால் எழுதுபவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சாட்சிகளைப் போடுவதால் இது முக்கியமாகிறது. சாட்சி கையெழுத்திட்டு, "உத்தரவு பெற்றவர்" என்ற சொல் இல்லாமல், பணம் தருவதாக ஒப்புக்கொள்ளும் காகிதத்தை முத்திரைச் சட்டம் புரோநோட்டு என்று கொள்ளாமல் கடன் பத்திரம் என்ற வேறு வகையில் சேர்க்கிறது. அதற்குத் தீர்வை பல மடங்கு அதிகம். பத்திரம் என்று முடிவானால் அபராதம் கட்டி மீட்கலாம். ஆனால் குறைந்த தீர்வையின் பத்து மடங்கு வரை கட்ட நேரும், வாதமும் நீளும். அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அது புரோநோட்டுதான் என்று எதிர்வாதம் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. மூன்று சொற்களில் தீர்கிற விஷயத்துக்காக அந்த விவாதத்தில் நாம் ஏன் இறங்க வேண்டும்? இன்னொன்று, "இதைக் கொண்டுவருபவருக்கு" என்று எழுதிவிடாதீர்கள். கொண்டுவருபவருக்குப் பணம் தரும் புரோநோட்டைத் தனிமனிதர்கள் எழுத ரிசர்வ் வங்கிச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இரண்டாவது, "ரொக்கமாக" என்ற சொல். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவர் மீது கடன் தொகைக்குச் சமமான அபராதம் விழக்கூடும். இருவருக்கும் விவசாய வருமானம் மட்டுமே என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்தா. வங்கி வழியாக அனுப்புங்கள். அனுப்பிய பிறகு நோட்டில் "ரொக்கமாக" என்று இருந்தால், அது வேறொரு கடன் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பணம் போன வங்கிக் கணக்கையும் பரிவர்த்தனை எண்ணையும் நோட்டிலேயே எழுதிவிடுங்கள். வங்கிப் பதிவு பணம் போனதைச் சொல்லும். அது கடன்தான் என்பதையும் இன்ன வட்டிக்கு என்பதையும் நோட்டும் சாட்சிகளும் சொல்வார்கள்.

தறிக்கூடம்

வழக்கறிஞர் அம்மாவின் கருத்தில் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். ஒரு வருடம் என்று பேசியிருக்கும்போது, "கேட்கும்போது" என்று எழுதினால் கடன் வாங்கியவருக்குப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? அடுத்த மாதமே கேட்டால் வண்டியை விற்றல்லவா தர வேண்டியிருக்கும்? தவணை விவரங்களை முத்திரைத்தாளில் தனி ஒப்பந்தமாக எழுதி, நோட்டையும் வாங்கிக்கொள்வதே இரு தரப்புக்கும் நியாயம். எங்கள் தொழிலில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

நீதிமன்றவாசல்

நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பந்தமும் நோட்டும் சேர்ந்திருந்தால், "நோட்டு வெறும் ஈட்டுக்காகக் கொடுத்தது, கடன் ஒப்பந்தப்படிதான்" என்ற வாதம் எழுவதை நான் பார்த்திருக்கிறேன். அதே நேரம், ஒப்பந்தம் இருப்பதால் ஒரு நன்மையும் இருக்கிறது. கடனின் நிபந்தனைகள் எல்லாம் நோட்டிலேயே அடங்கியிருந்து, அந்த நோட்டு ஸ்டாம்ப் குறையால் ஒதுக்கப்பட்டால், கடனைத் தனியாக நிரூபித்துப் பணம் கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1938 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தனி ஒப்பந்தம் இருந்தால் அந்த இக்கட்டிலிருந்து ஒரு வழி கிடைக்கலாம். உங்கள் முறையைத் தவறு என்று சொல்ல மாட்டேன். என் கட்சிக்காரர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

தறிக்கூடம்

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இருந்தாலும் என் கருத்தில் மாற்றமில்லை.

வெண்ணந்தூரான்

நேற்று முடித்துவிட்டோம். பணத்தை வங்கி வழியாக அனுப்பி, எண்ணை நோட்டில் எழுதினோம். என் எதிர்வீட்டுக்காரரும் கடன் வாங்கியவரின் தாய்மாமாவும் சாட்சிகள். முழுவதையும் தாய்மாமாவே உரக்க வாசித்தார். அதன் பிறகுதான் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டோம். வங்கியில் போடும் அதே கையெழுத்தைப் போடச் சொன்னேன், அவர் தயங்கவில்லை. நகல் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம் என்பதை நோட்டில் எழுதவில்லை. அதற்கு முன் கேட்க மாட்டேன் என்று அவர் தாய்மாமா முன்னிலையில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. மாத வட்டி 3,000 ரூபாயைக் கைபேசி வழியாக அனுப்புவதாகச் சொல்கிறார். மூன்று வருடத்தில் நோட்டு காலாவதியாகிவிடும் என்கிறார்களே, வட்டி வந்துகொண்டிருந்தால் அந்தக் கெடு தானாக நீண்டுவிடுமா?

நீதிமன்றவாசல்

அதை நம்பி இருக்காதீர்கள். கேட்கும்போது தர வேண்டிய நோட்டுக்கு மூன்று வருடக் கெடு, நீங்கள் கேட்ட நாளிலிருந்து தொடங்குவதில்லை. நோட்டின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கெடு புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால், பணம் கட்டியது கட்டியவரின் கையெழுத்திலோ அவர் ஒப்பமிட்ட எழுத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். கைபேசிப் பதிவு அதற்குப் போதுமா என்பதில் வழக்காட இடமிருக்கிறது. நீங்கள் அந்த வழக்கின் வாதியாக வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் நோட்டின் பின்பக்கத்தில், "இன்ன தேதியில் வட்டிக்காக ரூ. 18,000 வரவு" என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்களே எழுதி வைத்துக்கொள்ளும் வரவுக்கு மதிப்பில்லை. மூன்று வருடம் முடிந்த பிறகு எழுதும் வரவும் கெடுவைப் புதுப்பிக்காது. முன்பக்கக் கையெழுத்தை ஒப்புக்கொண்டு பின்பக்க வரவை மட்டும் மறுப்பவர்களும் உண்டு; தாய்மாமா அப்போது அருகில் இருந்தால் அவரையும் அங்கே ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

என் அண்ணனிடம் இந்தப் பின்பக்க வரவைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அவர் கொடுத்த இன்னொரு கடனுக்கு வரும் மாசி மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. இன்று மாலையே அவரிடம் பேசுகிறேன்.